ஏப்ரல் 1 ஓடுமா ஓடாதா? முதலாளிக்கு ப்ராஜெக்ட் நிலவரத்தை எப்படிச் சொல்வது

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில ப்ராஜெக்ட் லீடா இருக்கேன். ஈரோட்டுப் பக்கம் நூல் மொத்த வியாபாரம் பண்ற ஒரு குடும்ப நிறுவனத்துக்கு பில்லிங், ஸ்டாக், பாக்கி வசூல் மூணுக்கும் சேர்த்து புது சாஃப்ட்வேர் செய்துக்கிட்டு இருக்கோம். ஏப்ரல் 1 அன்னிக்கு முதல் பில் இதுல வரணும்னு பேச்சு. இப்ப பிப்ரவரி முதல் வாரம்.

வர்ற புதன்கிழமை மாதாந்திர மீட்டிங். பெரியவர், அவர் மகன், ரொம்ப வருஷமா அங்கே கணக்கு பார்க்கிற அண்ணன், ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், இவங்க நாலு பேரும் இருப்பாங்க. எங்க வேலை அவங்களுக்குப் பரிச்சயமில்லை, ஆனா அவங்க வியாபாரம் அவங்களுக்கு அத்துப்படி.

எங்க கம்பெனி வழக்கப்படி ரிப்போர்ட் போட்டா இப்படி வருது:

"மாட்யூல் டெவலப்மெண்ட் 82%. இ-இன்வாய்ஸ் ஏபிஐ இன்டெக்ரேஷன் முடிந்தது. டேட்டா மைக்ரேஷன் நடக்கிறது, மாஸ்டர் டேட்டாவில் குவாலிட்டி இஷ்யூ உள்ளது. யூஏடி மார்ச் இரண்டாம் வாரம். ஒட்டுமொத்த நிலை: மஞ்சள்."

இதைக் காட்டினா பெரியவர் கேட்கப்போறது ஒரே கேள்வி, "ஏப்ரல் ஒண்ணு ஓடுமா, ஓடாதா?" உண்மையான பதில் "நீங்க ரெண்டு மூணு முடிவு எடுத்தா ஓடும்" என்பதுதான். அதை எப்படிச் சொல்றது? இந்த மாதிரி மீட்டிங்கில் உட்கார்ந்தவங்க சொல்லுங்க.

டீக்கடை பெஞ்ச்

நூல் வியாபாரத்துக்கு எதுக்குங்க தனி சாஃப்ட்வேர்? எங்க மாமா காங்கேயத்துல எண்ணெய் வியாபாரம், டேலியிலேயே எல்லாம் ஓடுது. இ-இன்வாய்ஸும் அதுலயே வருது. பெரியவர்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க, காசு மிச்சம்.

நூல்கண்டு

அண்ணா, செய்யலாமா வேண்டாமான்னு போன வருஷமே அவங்க முடிவு பண்ணியாச்சு. லாட் நம்பர், கோன் எடை, ரெண்டு கொடௌன்னு நிறைய இருக்கு. என் கேள்வி நிலவரத்தை எப்படிச் சொல்றதுங்கிறது.

ராத்திரி ரிலீஸ்

ரொம்ப யோசிக்காதீங்க. ஒரே ஸ்லைடு போடுங்க. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு வட்டம், பக்கத்துல பர்சன்ட், அவ்வளவுதான். தொழில்நுட்பம் தெரியாதவங்களுக்கு நிறம் புரியும். ரிஸ்க் எல்லாம் பெரிசா எழுதாதீங்க, பயந்துடுவாங்க. "புது சாஃப்ட்வேரும் பழசும் ஒரு மாசம் சேர்ந்து ஓடும், அதனால பிரச்சினை வராது"ன்னு ஒரு வரி சேர்த்தா நிம்மதியா டீ குடிச்சுட்டுப் போவாங்க.

வடவள்ளி பஸ்

ஒரே பக்கம் என்பது சரி. மத்தது சரியில்லை.

82% என்பதையே எடுத்துக்கோங்க. பெரியவர் காதுல அது "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி"ன்னு விழும். ஆனா மிச்சம் இருக்கிற 18%ல பார்ட்டி விவரம் மாத்துறதும் சோதனையும் இருக்கு, ரெண்டும் உங்க கையில மட்டும் இல்லாத வேலை. முதல் 82க்கு நாலு மாசம் ஆச்சுன்னா மிச்சத்துக்கும் நாலு மாசம் ஆகலாம். அந்த எண்ணை வச்சு அவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள்னா யார் என்ன செய்யணும்? அது சொல்லப்படலைன்னா எல்லாரும் "சரி, பார்த்துக்குங்க"ன்னு எழுந்து போயிடுவாங்க.

நான் செய்யறது வேற. மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி, அவங்க ஒரு நாள் போட்ட பில் மொத்தத்தையும் வாங்கி, அதை அப்படியே புது சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்ப்பேன். எத்தனை பில் பைசா மாறாம வந்தது, எத்தனை வரலை, வராததுக்கு என்ன காரணம். இந்த மூணும் அவங்களுக்கு உடனே புரியும், ஏன்னா அது அவங்க பில். இதைச் செய்துட்டு வந்து எண்ணைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

ரெண்டையும் சேர்த்து ஒரு மாசம் ஓட்டறது பத்தி: பில் போடுற பையன்கள் எத்தனை பேர்? அவங்களே ரெண்டு தடவை போடணும்னா மூணாவது நாள் ஒண்ணை நிறுத்திடுவாங்க. அதைவிட முக்கியம், ரெண்டும் ஒரே பில் நம்பரை அரசு போர்ட்டலுக்கு அனுப்பினா ரெண்டாவது போறது டூப்ளிகேட்னு திரும்பி வரும். ஒவ்வொரு பில்லுக்கும் போர்ட்டல் பதிவு பண்ணித் தர்ற ஐஆர்என் என்கிற எண்ணே விற்பவரோட ஜிஎஸ்டி எண், பில் நம்பர், ஆவண வகை, நிதியாண்டு இதுலருந்து உண்டாகிறது. அதனால ஒண்ணுதான் அனுப்பணும். எது அனுப்பும்னு யார் சொல்றாங்க? அதுவே ஒரு முடிவு. "சேர்ந்து ஓடும்"னு ஒரு வரியில முடியற விஷயமில்லை.

ராத்திரி ரிலீஸ்

போர்ட்டல் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். நாங்க செய்தது ஒரு பள்ளிக்கூட ஃபீஸ் சாஃப்ட்வேர், ரெண்டையும் ஓட்டினது நல்லாதான் போச்சு. நிறம் போடறதுல தப்பில்லைன்னு இன்னும் நினைக்கிறேன்.

கொடௌன் சாவி

நான் எதிர்ப்பக்கம். சாஃப்ட்வேர் தெரியாது. பெயின்ட், பைப் மொத்த வியாபாரம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்களுக்கும் இப்படி மாத்தினாங்க. மாசா மாசம் ஒரு தம்பி லேப்டாப்போட வருவார். அவர் பேசறப்போ நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டது மூணுதான். எந்த நாள்ல என் வியாபாரம் நிக்கும்? எவ்வளவு நேரம் நிக்கும்? அது நிக்காம இருக்க நான் இன்னிக்கு யாரை எங்கே அனுப்பணும்?

பயந்துடுவாங்கன்னு மறைக்காதீங்க. நாங்க பயப்படறது கெட்ட செய்திக்கு இல்லை, அதைக் கடைசி வாரம் கேட்கிறதுக்கு. மார்ச் 25ஆம் தேதி வந்து "டேட்டா சரியில்லை"ன்னு சொன்னா நான் என்ன செய்ய முடியும்? அதே பிப்ரவரியில சொன்னா ஆளைப் போடுவேன்.

இன்னொண்ணு. வந்து உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்துலயே பதிலைச் சொல்லிடுங்க. காரணம் பின்னாடி வரட்டும். இருபது நிமிஷம் கேட்டுட்டு கடைசியில "ஆனா..."ன்னா கோபம் வருது.

நூல்கண்டு

வடவள்ளி பஸ் சொன்னதைச் செய்து பார்த்துட்டேன். போன வெள்ளிக்கிழமை அவங்க போட்ட பில் 60. அதுல 49 பைசா மாறாம வந்தது. 11 வரலை.

அதுல 6 பில்லுக்கு வாங்குறவரோட ஜிஎஸ்டி எண்தான் காரணம். பழைய சாஃப்ட்வேர்ல சில பார்ட்டிக்கு எண்ணே இல்லை, சிலதுல 15 எழுத்துக்குப் பதிலா 14, சிலது ரத்தான எண். ஒரே பார்ட்டி மூணு பேர்ல இருக்கு. இப்ப எப்படி ஓடுதுன்னா, இ-இன்வாய்ஸ் மட்டும் தனியா இன்னொரு கம்ப்யூட்டர்ல கணக்கர் அண்ணன் கையால போடறார். எந்தப் பார்ட்டிக்கு எது சரியான எண்ணுன்னு அவர் ஒரு நோட்டுல வச்சிருக்கார், போடும்போது திருத்திக்கிறார். புதுசுல பில் போட்டதும் நேரா போர்ட்டலுக்குப் போறதால அந்தத் திருத்தம் நடக்க இடமில்லை.

மிச்சம் 5 பில்லுல லாரி வாடகை. பழசுல வரியெல்லாம் போட்டு முடிச்சு அதுக்குக் கீழே வாடகையைச் சேர்க்குது. எங்களோடதுல வாடகையைச் சேர்த்து அதுக்கும் வரி போடுது. அதனால பில் தொகை மாறுது.

மொத்தப் பார்ட்டி 4,200. அதுல கடந்த ஒரு வருஷத்துல சரக்கு வாங்கினது 1,350. அந்த 1,350ல எண் தப்பா இருக்கிறது 140.

வடவள்ளி பஸ்

இப்ப உங்க கையில ரிப்போர்ட் இருக்கு. "மாஸ்டர் டேட்டா குவாலிட்டி இஷ்யூ"ன்னு நீங்க எழுதினதோட நிஜமான உருவம் இதுதான்.

1,350ல 140ன்னா பத்துல ஒண்ணு. ஒரு நாள் 60 பில்லுன்னா சராசரி 6 பில், அதாவது நீங்க வெள்ளிக்கிழமை பார்த்த அதே எண்ணிக்கை. அந்த ஆறும் ஐஆர்என் வராம நிக்கும். இவங்க இ-இன்வாய்ஸ் கட்டாயம் உள்ளவங்க, 2023 ஆகஸ்ட்ல இருந்தே 5 கோடி விற்றுமுதல் தாண்டினா போட்டாகணும். அந்த எண் இல்லாம பில் செல்லாது, சரக்கை ஏத்தின வண்டி கேட்டுக்கு வெளியே போக முடியாது. ஆக ரிஸ்க்கை இப்படி எழுதுங்க:

"140 வாடிக்கையாளர்களோட ஜிஎஸ்டி எண் நம்ம பட்டியல்ல தப்பா இருக்கு. இதைச் சரி பண்ணாம ஆரம்பிச்சா ஏப்ரல்ல தினமும் ஆறு லோடு வரைக்கும் வாசல்ல நிக்கும், அந்தப் பார்ட்டியைப் போன்ல பிடிச்சு எண் வாங்கற வரைக்கும்."

காரணம், நடக்கப்போறது, அதனால வர்ற நட்டம், மூணும் இருக்கு. எந்த வார்த்தைக்கும் அகராதி தேவையில்லை. இதுக்குக் கீழேயே கேட்க வேண்டியதைக் கேளுங்க: "விற்பனைப் பக்கம் ரெண்டு பேரை மூணு வாரம் தினமும் ஒரு மணி நேரம் இதுக்கு விடணும். எண்ணைக் கேட்டு வாங்க எங்களால முடியாது, பார்ட்டிகள் உங்க ஆள் குரலுக்குத்தான் பதில் சொல்வாங்க." மிச்சம் 2,850 பார்ட்டியை இப்போதைக்குத் தொட வேண்டாம், திரும்ப வாங்க வந்தா அப்ப சேர்க்கலாம்னும் சொல்லிடுங்க. அது அவங்களுக்கு நிம்மதி தர்ற செய்தி, அது ரிப்போர்ட்டுல இருக்கணும்.

எந்தத் தேதிக்குள்ள முடிவு வேணும்னும் போடுங்க. மார்ச் ரெண்டாவது வாரம் அவங்க ஆளுங்க உட்கார்ந்து பார்க்கப்போறாங்கன்னா, மூணு வார வேலை அந்த வாரத்துக்குள்ள முடியணும். அப்ப பிப்ரவரி 18க்குள்ள ஆளை விடணும். தேதி இல்லாத கோரிக்கையை யாரும் கண்டுக்க மாட்டாங்க.

பேரேடு

நான் கணக்குப் பக்கம், ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. ரெண்டு விஷயம்.

முதல்ல, ஏப்ரல் 1 என்பது நீங்க நினைக்கிற அளவு இரும்புத் தேதி இல்லை. புது நிதியாண்டு, புது பில் நம்பர், அதனால அன்னிக்குத்தான் மாறணும்னு எல்லாரும் சொல்வாங்க. ஜிஎஸ்டி விதி 46 பில் நம்பர் 16 எழுத்துக்குள்ள வரிசையா இருக்கணும், அந்த நிதியாண்டுல திரும்ப வரக்கூடாதுன்னுதான் சொல்லுது. ஒண்ணுக்கு மேற்பட்ட வரிசை வச்சுக்கலாம். ஏப்ரல் முழுக்க பழசுல ஒரு முன்னெழுத்தோட ஓட்டிட்டு, மே 1 முதல் வேற முன்னெழுத்துல புதுசு ஆரம்பிச்சாலும் சட்டப்படி ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு இடத்துல அப்படித்தான் செய்தாங்க. மார்ச் கடைசியில கணக்கு ஆபீஸ் இருக்கிற நிலைமையில புது சாஃப்ட்வேர் கத்துக்கறது பெரிய கொடுமை.

இதை நீங்க மீட்டிங்கில் சொல்லணும். பெரியவர் மனசுல "ஏப்ரல் 1 இல்லைன்னா அடுத்த வருஷம்"னு இருந்தா, அவர் தப்பான ரெண்டு வழிக்கு நடுவுல தேர்ந்தெடுப்பார்.

ரெண்டாவது, அந்த லாரி வாடகை. உங்க சாஃப்ட்வேர் தப்பு பண்ணலை. விற்பவர் பில்லுல வசூலிக்கிற வாடகை சரக்கோட மதிப்புல சேரும், சட்டத்துல 15ஆம் பிரிவு. அதுக்கும் வரி உண்டு. பழைய சாஃப்ட்வேர்தான் இத்தனை நாளா வரி கம்மியா போட்டுக்கிட்டு இருந்திருக்கு. இதை "பில் தொகை மாறுது, சரி பண்றோம்"னு ரிப்போர்ட்டுல எழுதிடாதீங்க. பழசு மாதிரியே போடுங்கன்னு சொல்லிட்டா அந்தத் தப்பை நீங்க புதுசுலயும் கட்டிக் கொடுத்ததா ஆகும்.

நூல்கண்டு

ஐயோ. எங்க டீம்ல அதை பழசு மாதிரி மாத்தறதுக்கு வேலை ஒதுக்கி வச்சிருந்தோம். நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்.

ஆனா இதை மீட்டிங்கில் எப்படிங்க எடுக்கிறது? அந்தக் கணக்கர் அண்ணன்தான் அப்படிப் போட்டுக்கிட்டு இருந்தவர், அவரும் எதிர்ல உட்கார்ந்திருப்பார். ஆடிட்டர் ஆபீஸ் ஆளும் இருப்பார். புது சாஃப்ட்வேருக்கு அந்த அண்ணன் ஒத்துழைப்பு இல்லைன்னா ஒண்ணும் நடக்காது.

கொடௌன் சாவி

சபையில வச்சு அவரைச் சாய்க்காதீங்க. எங்க கடையில இப்படி ஒரு தடவை நடந்து, கணக்கர் அந்த சாஃப்ட்வேரையே ஆறு மாசம் திரும்பிப் பார்க்கலை. செவ்வாய்க்கிழமையே போய் அவர்கிட்ட பில்லைக் காட்டுங்க. "அண்ணா, இந்த இடம் ரெண்டும் வேற மாதிரி வருது, எது சரின்னு நீங்க சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவரே புதன்கிழமை மீட்டிங்கில் எடுத்துப் பேசுவார்.

பேரேடு

அவர்கிட்ட முன்னாடி பேசறது நல்லது, மறுக்கலை. ஆனா "எது சரின்னு சொல்லுங்க"ன்னு அவர்கிட்டயே விடறது ஆபத்து. அவர் "பழசு மாதிரியே இருக்கட்டும்"னு சொல்லிட்டா? இது பின்னாடி வட்டியோட வரக்கூடிய விஷயம். முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் தெரிஞ்சாகணும்.

வடவள்ளி பஸ்

எனக்கும் பேரேடு சொல்றதுதான் படுது, ஆனா ஒரு திருத்தம். போன வருஷங்களுக்கு என்ன செய்யறதுங்கிறது உங்க ப்ராஜெக்ட் கேள்வி இல்லை, அதுக்குள்ள போகாதீங்க. உங்க கேள்வி ஒண்ணுதான்: "ஏப்ரல் முதல் வாடகைக்கு வரி போடணுமா? ஆடிட்டர் எழுத்துல சொல்லணும்." அதைக் கேட்டு, யார் சொல்வாங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

தேம்ஸ் கரை

லண்டன்ல வங்கித் துறையில வேலை. இதைப் படிச்சப்போ இங்கே நடந்த ஒண்ணு ஞாபகம் வந்தது. 2018 ஏப்ரல்ல டிஎஸ்பி வங்கி தன் 52 லட்சம் வாடிக்கையாளர் கணக்கையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்தினாங்க. லட்சக்கணக்கான பேர் தங்கள் கணக்குக்குள்ளேயே போக முடியாம தவிச்சாங்க. முழுசா சரியாக அந்த டிசம்பர் ஆச்சு. 2022ல கண்காணிப்பு அமைப்புகள் போட்ட அபராதம் 4.86 கோடி பவுண்டு.

அதுக்கு அப்புறம் ஒரு சட்ட நிறுவனம் விசாரிச்சு அறிக்கை கொடுத்தது. எனக்கு அதுல உறைச்ச இடம் இதுதான். முதல்ல 2017 நவம்பர்னு தேதி வச்சிருந்தாங்க, அது தள்ளிப்போச்சு. புதுத் தேதி சொன்னப்போ, முன்ன ஏன் முடியலை, இப்ப மட்டும் எப்படி முடியும்னு நிர்வாகக் குழு போதுமான அளவு கேட்கலை. முதல்ல தேதியை வச்சு, அதுக்குள்ள வேலையை அடக்கிப் பார்த்திருக்காங்க. குழுவுல இருந்தவங்க யாரும் விவரம் தெரியாதவங்க இல்லை.

அதனால நீங்க மே 1 தேதியைச் சொன்னாலும், "ஏன் மே 1 போதும்"னு ரெண்டு வரி எழுதுங்க. கேட்கலைன்னாலும் எழுதுங்க.

டீக்கடை பெஞ்ச்

நூல்கண்டு, நான் முதல்ல கேள்வியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். இப்ப ஒரு சந்தேகம். தப்பான ஜிஎஸ்டி எண் போர்ட்டல்ல மாட்டாம, வேற யாரோட சரியான எண்ணா இருந்துட்டா? மாமா கடையில அப்படி ஒரு தடவை பில் வேற ஆளுக்குப் போயிருச்சு.

வடவள்ளி பஸ்

நல்ல கேள்வி. அது போர்ட்டல்ல நிக்காது, ஐஆர்என் வந்துடும். 24 மணி நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சா ரத்து பண்ணலாம், தாண்டிட்டா கிரெடிட் நோட்டுதான். நூல்கண்டு, உங்க 140ல இது சேர்ந்திருக்காது. எண் சரியா இருக்கான்னு மட்டும் பார்க்காம, அந்த எண்ணுக்குப் போர்ட்டல் காட்டுற பெயரும் உங்க பட்டியல் பெயரும் ஒத்துப்போகுதான்னும் ஓட்டிப் பாருங்க. எண்ணிக்கை கூடலாம். புதனுக்குள்ள முடியலைன்னா "140க்குக் குறையாது"ன்னு எழுதுங்க.

நூல்கண்டு

இதுவரைக்கும் பேசினதை வச்சு எழுதிட்டேன். ஒரே பக்கம், பெரிய எழுத்துல, அச்சடிச்சு நாலு காப்பி. லேப்டாப் திறக்கப்போறதில்லை.

"ஏப்ரல் 1 ஆரம்பிக்க முடியும். அதுக்கு இன்னிக்கு உங்ககிட்ட ரெண்டு முடிவு வேணும். கிடைக்கலைன்னா மே 1 தான் பாதுகாப்பு.

இப்ப எங்கே இருக்கோம்: போன வெள்ளிக்கிழமை நீங்க போட்ட 60 பில்லையும் புதுசுல போட்டோம். 49 பைசா மாறாம வந்தது. 6 பில் வாங்குறவரோட ஜிஎஸ்டி எண் தப்பா இருந்ததால நின்னது. 5 பில்லுல லாரி வாடகைக்கு வரி போடற முறை வேற. ஸ்டாக்கும் பாக்கிப் பட்டியலும் இன்னும் இப்படிச் சரிபார்க்கலை, பிப்ரவரி 25க்குள்ள பார்த்துச் சொல்றோம்.

முடிவு 1: வாங்கிக்கிட்டு இருக்கிற 1,350 பார்ட்டியில குறைஞ்சது 140 பேரோட எண் தப்பு. விட்டா தினமும் ஆறு லோடு வரை வாசல்ல நிக்கும். விற்பனையில ரெண்டு பேரை பிப்ரவரி 18 முதல் மூணு வாரம் தினமும் ஒரு மணி நேரம் விடலாமா? முடியாதுன்னா மே 1. அந்தக் கூடுதல் நாலு வாரத்துல ஒரே ஆளை வச்சு முடிக்கலாம், மார்ச் முடிவு வேலையும் தாண்டியிருக்கும், புது முன்னெழுத்துல பில் போட்டுக்கலாம்.

முடிவு 2: லாரி வாடகைக்கு ஏப்ரல் முதல் வரி எப்படி? ஆடிட்டர் பிப்ரவரி 20க்குள்ள எழுத்துல சொல்லணும். சொல்ற வரைக்கும் அந்த இடத்தை நாங்க தொட மாட்டோம்.

மார்ச் 23 அன்னிக்கு இன்னொரு நாள் பில்லை முழுசா போட்டுப் பார்ப்போம். 60ல 3க்கு மேல நின்னா ஏப்ரல் 1 வேண்டாம்னு நாங்களே சொல்லுவோம்."

கொடௌன் சாவி

கடைசி வரி இருக்கே, அதைப் படிச்சா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். எங்களுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ராத்திரி ரிலீஸ்

நல்லா இருக்கு. ஆனா உங்க கம்பெனி எம்.டி. இதைப் பார்த்தாரா? "நாங்களே வேண்டாம்னு சொல்லுவோம்"னு எழுத்துல கொடுக்க எங்க ஆபீஸ்ல விடவே மாட்டாங்க. தாமதத்துக்குக் காசு பிடிக்கிற ஒப்பந்தம்னா அது நம்ம கழுத்துக்குத்தான் வரும்.

நூல்கண்டு

இன்னும் காட்டலை. திங்கட்கிழமை காட்டணும். ஒப்பந்தத்துல தாமதத்துக்குப் பிடித்தம் இருக்கு, ஆனா வாடிக்கையாளர் தர வேண்டிய விவரம் தாமதமானா அது சேராதுன்னும் இருக்கு. பார்ட்டி எண் அதுல வருமான்னு தெளிவா இல்லை.

பேரேடு

ஒப்பந்தத்துல அந்த வரியை அப்படியே இங்கே போட முடியுமா? பெயர்களை எடுத்துட்டு. "விவரம்"னு மட்டும் இருக்கா, "சரியான விவரம்"னு இருக்கா என்பதுல வித்தியாசம் இருக்கு.